கண்ணாடியில் கடையா, சாலையா? பருவ இறுதித் தள்ளுபடிக்கான முகப்புக் காட்சி உருவாகும் விதம்

புதுதில்லி: ஆடி மாதம் பிறந்தவுடன் தமிழகத்துத் துணிக்கடைகள் தள்ளுபடிப் பலகைகளை மாட்டுவதைப் போல, தலைநகர் தில்லியில் ஜனவரி முதல் வாரத்தில் கம்பளி ஆடைகளுக்கான பருவ இறுதித் தள்ளுபடி தொடங்குகிறது. லோரி, மகர சங்கராந்தி ஆகிய பண்டிகைகள் கடந்துவிட்டால் குளிர் படிப்படியாகக் குறையும். பிப்ரவரி நடுவில் கோட்டு வாங்க வருவோர் மிகச் சிலரே. அதற்குள் விற்காத கம்பளி ஆடை அடுத்த நவம்பர் வரை கிடங்கில் முடங்கும். அதில் போட்ட பணமும் உடன் முடங்கும். கோடை ஆடைகளுக்கான கொள்முதல் பணம் பெரும்பாலும் இந்த ஆறு வார விற்பனையிலிருந்துதான் வரவேண்டும் என்பதால், சிறிய கடைகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு.

இந்த ஆறு வாரங்களில் கடையின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அமைக்கப்படும் காட்சிக்கு ஒரே ஒரு வேலைதான். நடந்து செல்பவரை நிறுத்த வேண்டும். ஆனால் பகல் நேரத்தில் பல கடைகளின் முன் நின்று பார்த்தால் தெரிவது கோட்டு அன்று; எதிர்ப்புறச் சாலையும், நிறுத்தப்பட்ட கார்களும், பார்ப்பவரின் உருவமுமே. பொம்மைகளுக்கும் பொருள்களுக்கும் செலவிட்ட கடைக்காரர், அவற்றுக்கு முன்னால் நிற்கும் கண்ணாடியைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே இதற்குக் காரணம். அதிலும் குளிர்காலத் தள்ளுபடிக்கு இச்சிக்கல் பன்மடங்கு கூடுதல். ஏன் என்பதைக் கன்னாட் பிளேஸ் வணிக வளாகத்தில் உள்ள ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

கட்டடக் கலைஞர் ராபர்ட் டோர் ரசல் வடிவமைப்பில் 1929-இல் பணி தொடங்கி 1933-இல் நிறைவடைந்த இவ்வளாகம், நடுவில் ஒரு பூங்காவும் அதைச் சுற்றி வட்டமாக வெண்ணிறத் தூண்வரிசைகளும் கொண்டது. கடைகள் அனைத்தும் தூண்களுக்குப் பின்னால் உள்ள அகன்ற வராந்தாவைப் பார்த்தபடி இருக்கின்றன. வட்டத்தின் தென்பகுதியில், வடக்கு நோக்கிய முகப்புடைய ஒரு கடை இது என்று கொள்வோம். முகப்புக் கண்ணாடியின் அகலம் 3.5 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். கண்ணாடிக்கும் பின்புறத் தடுப்புக்கும் இடையே 1.2 மீட்டர் ஆழம். சூரிய ஒளி இந்த வராந்தாவுக்குள் நேராக விழுவதில்லை. அதனால் எதிரொளிப்புத் தொல்லை இருக்காது என்று முதல் பார்வையில் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

எட்டு விழுக்காட்டின் கணக்கு

சாதாரணக் கண்ணாடி, நேராகப் பார்க்கும்போது, தன் மீது விழும் ஒளியில் சுமார் 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. முன்புறப் பரப்பில் ஏறத்தாழ 4, பின்புறப் பரப்பில் ஏறத்தாழ 4. இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் எந்த ஒளியின் 8 விழுக்காடு என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பொருளின் மீது விழும் ஒளியை 'லக்ஸ்' என்ற அலகில் அளப்பர். கையடக்கமான லக்ஸ் மீட்டர் மின்பொருள் கடைகளில் கிடைக்கிறது. விழும் ஒளியில் எத்தனை பங்கைப் பொருள் திருப்பி அனுப்புகிறதோ, அதுவே நம் கண்ணுக்கு அதன் பொலிவு. தில்லியின் மங்கலான ஜனவரி வெயிலில் சாலையின் மீது 40,000 லக்ஸ் ஒளி விழுவதாக வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையும் புல்வெளியும் அதில் 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பினால், அதன் பொலிவு 6,000. கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம் இதில் 8 விழுக்காடு, அதாவது 480.

இப்போது கடையின் உள்ளே வருவோம். காட்சியின் விளக்குகள் கோட்டின் மீது 1,500 லக்ஸ் ஒளி தருவதாகக் கொள்வோம். நல்ல கடைக்கு இது தாராளமான அளவு. கோட்டு கறுப்பு நிறமானால் அது திருப்பி அனுப்புவது ஐந்து விழுக்காடு மட்டுமே. பொலிவு 75. சாலையின் பிம்பமோ 480. கோட்டு காணாமல் போய்விடுகிறது. அதே இடத்தில் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறக் கோட்டை வைத்தால், பாதி ஒளி திரும்பி வரும், பொலிவு 750. பிம்பத்தைத் தாண்டிக் கோட்டு தெரிகிறது.

குளிர்காலத் தள்ளுபடியின் தனிச்சிக்கல் இதுதான். பருத்தி ஆடைகள் பெரும்பாலும் வெளிர் நிறத்தவை. ஜூலையில் நடக்கும் கோடைத் தள்ளுபடியின் முகப்புக் காட்சி ஓரளவு தானாகவே தப்பித்துவிடும். கம்பளி ஆடைகளில் கறுப்பு, கருநீலம், சாம்பல், அரக்கு ஆகிய நிறங்களே மிகுதி. இந்நிறங்களை நான்கு பொம்மைகளுக்கு அணிவித்து, அவற்றின் பின்னால் 'ஆடம்பரமாக' இருக்கட்டும் என்று கறுப்புத் திரையும் தொங்கவிட்டால், பகல் முழுவதும் அக்கடைக்கு முகப்புக் காட்சி கிடையாது. அளவில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று கிடைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

விளக்கைக் கூட்டினால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். கறுப்புக் கோட்டின் பொலிவை 480-க்கு உயர்த்த அதன் மீது 9,600 லக்ஸ் விழவேண்டும். மின்கட்டணத்தை விடுங்கள், அந்த ஒளியில் சில வாரங்களில் சாயம் வெளிறத் தொடங்கிவிடும். எதிர்ப்புறத்தில் வெயில் நேராக விழும் வெள்ளைச் சுவர் இருந்தால் எந்த விளக்காலும் அதை வெல்ல முடியாது. ஒளியைக் கூட்டுவதைவிட நிறத்தை மாற்றுவதும் பின்புலத்தை மாற்றுவதும் எளிது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக் கண்ணாடி உண்டு. அது பிம்பத்தை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரும். ஆனால் அதன் விலை ஆறு வார விற்பனைக்காக ஏற்கத்தக்கதன்று. நகைக்கடைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அது பொருந்தும்.

கண்ணாடியின் முன் நிற்பவர், கைகளை நெற்றியில் குவித்து உள்ளே பார்ப்பதை எல்லோரும் கண்டிருப்பர். அதன் காரணமும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. அவருடைய உடல் சாலையின் வெளிச்சத்தை மறைக்கிறது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பதால் அவர் முகமும் மார்பும் நிழலில் உள்ளன. அவற்றின் பிம்பம் மிக மங்கல். எனவே தம் நிழலுருவத்தின் வழியாக மட்டும் அவர் கடையின் உள்ளே தெளிவாகக் காண்கிறார். வராந்தாவின் தூண்களும் இதே உதவியைச் செய்கின்றன. தூண்களின் உட்பக்கம் நிழலில் இருப்பதால் அவற்றின் பிம்பம் விழும் பட்டைகளில் பொருள்கள் தெரியும்; தூண்களுக்கு இடையிலான வெளிச்ச இடைவெளி பிரதிபலிக்கும் பட்டைகளில் மறையும். இக்காரணத்தால், காட்சி அமைப்பவர் பொம்மைகளின் இடத்தைக் காகிதத்தில் முடிவு செய்வதற்கு முன், நண்பகலில் வராந்தாவில் நின்று, வெறும் கண்ணாடியில் எந்தப் பட்டை இருண்டிருக்கிறது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்வது நல்லது. லக்ஸ் மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னோர் எளிய வழியும் உண்டு. கோட்டு நிற்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் துணியையும் தொங்கவிட்டு வெளியிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் எதையும் வைக்கலாம். வெள்ளை மட்டும் தெரிந்தால் வெளிர் நிறங்களே அங்கு வேலை செய்யும். வெள்ளையும் மங்கினால் அந்த இடத்தில் பொம்மையை நிறுத்துவது வீண்.

பெட்டிக்குள் போகும் குளிர்காலம்

காட்சிக்கு ஒரு கருத்து வேண்டும். 'சேல்' என்ற சிவப்பு எழுத்தும் நான்கு பொம்மைகளும் கருத்து ஆகா. வட இந்திய வீடுகளில் வசந்த பஞ்சமிக்குப் பின் ரஜாய்களையும் ஸ்வெட்டர்களையும் வெயிலில் உலர்த்தி, தகர டிரங்குப் பெட்டிகளில் அடுக்கி, பூச்சி உருண்டை போட்டு மூடிவைக்கும் வழக்கம் தலைமுறைகளாக உள்ளது. தில்லிவாசிக்கு டிரங்குப் பெட்டியைக் கண்டவுடன் குளிர் விடைபெறுகிறது என்று புரியும். ஒரு வரி எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை. இக்கடையின் கருத்து இதுவாக இருக்கட்டும்.

மூன்று பெட்டிகள். இடப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. வலப்புறம் திறந்த நிலையில் ஒன்று. திறந்த பெட்டியின் மூடி பாதியில் நிற்க, அதை அழுத்தி மூட முயல்வது போல ஒரு பொம்மை மூடியின் மேல் அமர்ந்திருக்கிறது. பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் கைகள் வெளியே தொங்குகின்றன. மேலே ஒரு குழாயில் நாற்பது மர ஹேங்கர்கள். அவற்றில் முதல் வாரம் பத்து மட்டுமே வெறுமையாக இருக்கும். விற்பனை முன்னேற முன்னேற ஆடைகளைக் குறைத்து, வெற்று ஹேங்கர்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். கடைசி வாரத்தில் பெட்டி மூடப்பட்டுவிடும். இதனால் ஒரே காட்சியைக் குறைந்த உழைப்பில் மூன்று முறை புதுப்பிக்க முடிகிறது. தினமும் அவ்வழியே அலுவலகம் செல்பவர் மாற்றத்தைக் கவனிப்பார்.

தள்ளுபடிக் காலத்துக்கு இக்கருத்து பொருந்துவதற்கு வேறொரு நடைமுறைக் காரணமும் உண்டு. இவ்வேளையில் சரக்கு முழு அளவுகளில் இருக்காது. ஒரு கோட்டில் மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும் மட்டும் எஞ்சியிருக்கும். பொம்மை அணிந்திருப்பதே கடைசிக் கோட்டாக இருக்கலாம்; அதை ஒருவர் கேட்டால் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். புதிய சரக்கைக் காட்டும்போது ஆடையே காட்சியின் நாயகன். தள்ளுபடியில் அப்படி அமைத்தால், ஒரு விற்பனையில் காட்சி குலையும். பெட்டி, ஹேங்கர், அமர்ந்த பொம்மையின் நிலை ஆகியவையே கதையைச் சொன்னால், கோட்டை மாற்றினாலும் கதை மாறாது.

பொருள்களைத் தேர்வதில் சில பொறிகள் உள்ளன. பளபளக்கும் புதிய தகரப் பெட்டி விளக்கொளியை அப்படியே பார்ப்பவரின் கண்ணில் வீசும். வண்ணம் பூசிய பழைய பெட்டியே சிறந்தது. கிடைக்காவிட்டால் ஈரச் சோப்பைத் தகரத்தில் தேய்த்து உலரவிட்டால் பளபளப்பு அடங்கிவிடும். கண்காட்சி முடிந்ததும் துணியால் துடைத்தெடுக்கலாம். பூச்சி உருண்டைகளை உண்மையாகவே பரப்பிவிடும் ஆர்வம் சிலருக்கு வரக்கூடும். நாப்தலீன் காற்றில் ஆவியாகும், அந்த ஆவி உடலுக்குக் கேடு, எரியக்கூடியதும்கூட. விளக்குகள் எரியும் அடைத்த மாடத்துக்குள் அதை வைக்கலாகாது. தெர்மோகோல் உருண்டைகள் போதும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கு வாசனை எட்டப்போவதில்லை.

பின்புறத் தடுப்பு வெளிர் நிறத்தில், பளபளப்பில்லாத பூச்சுடன் இருக்க வேண்டும். கறுப்புக் கோட்டுகளும் விற்க வேண்டியவையே. ஆனால் அவற்றைத் தனியே நிறுத்தாமல், இந்த வெளிர்ப் பின்புலத்தின் முன் நிறுத்தினால், கோட்டின் உட்பகுதி தெரியாவிட்டாலும் அதன் வெட்டு, காலர், தோள் கோடு ஆகியவை நிழலுருவமாகவாவது தெரியும். கோட்டுக்கு அதுவே பாதி விளம்பரம்.

பொம்மையை உடுத்துதல்

கடைகளில் 'மேனிக்வின்' என்றும் 'டம்மி' என்றும் அழைக்கப்படும் பொம்மைகளில் கண்ணாடி இழையால் ஆனவை கனமும் உறுதியும் உடையவை. பிளாஸ்டிக் பொம்மைகள் இலகு. ஆனால் கனமான கம்பளிக் கோட்டைப் போட்டால் சாயும். இடுப்பு, தோள், மணிக்கட்டு ஆகிய இடங்களில் பொம்மையைக் கழற்ற முடியும். உடுத்தும் முறை மனிதர் உடுத்துவதற்கு நேர்மாறு. முதலில் கால்பகுதியைத் தலைகீழாகப் பிடித்துக் கால்சட்டையை மேலிருந்து இறக்க வேண்டும். காலணியும் அப்போதே. பின் பீடத்தின் கம்பியில் காலை நிறுத்திப் பூட்ட வேண்டும். கம்பி கெண்டைக்காலில் நுழையும் வகையானால், கால்சட்டையில் தையலைப் பிரிக்கவோ துளையிடவோ நேரும்; பாதத்தில் நுழையும் வகையானால் காலணி பாழாகும். விற்க வேண்டிய சரக்கைத் துளைக்காமல் இருக்க, கால்சட்டையைக் கம்பிக்கு வெளியே மடித்துவிடுவதே தள்ளுபடிக் கால வழக்கம். மேலுடம்பை வைத்தபின், கைகள் இல்லாத நிலையிலேயே கோட்டை மாட்டி, ஒவ்வொரு கையையும் கழுத்து வழியாகச் சட்டைக் கைக்குள் இறக்கித் தோளில் பூட்டுவர். இறுதியாக, நீராவி இஸ்திரி.

எஞ்சிய பெரிய அளவுக் கோட்டைப் பொம்மைக்குப் போட்டால் தொளதொளவென்று தொங்கும். முதுகுப்புறத்தில் மடித்துக் கிளிப் போட்டுப் பிடிப்பது எங்கும் உள்ள வழக்கம். வாடிக்கையாளர் இதை அறிந்திருப்பது நல்லது. பொம்மையின் மீது இடுப்பைப் பிடித்தாற்போலத் தோன்றும் கோட்டு, அணிந்து பார்க்கும்போது அப்படி இருக்காது. பின்புறத் தடுப்பு இல்லாத, கடைக்குள்ளிருந்தும் பார்க்கக்கூடிய மாடங்களில் இக்கிளிப்புகள் உள்ளே நிற்பவருக்கு அணிவகுப்பாகத் தெரியும். சில கடைகளுக்கு இது புரிவதேயில்லை.

நடந்து வருபவர் கண்ணாடியை எங்கிருந்து பார்க்கிறார் என்பதும் பொம்மையின் திசையைத் தீர்மானிக்கிறது. வராந்தாவில் யாரும் கண்ணாடிக்கு நேர் எதிராக வந்து சேர்வதில்லை, பக்கவாட்டில் வருகின்றனர். சாய்ந்த பார்வையில் கண்ணாடி மேலும் அதிகமாகப் பிரதிபலிக்கும். பார்வைக்கும் கண்ணாடிக்கும் இடையே 30 பாகை கோணம் இருந்தால் பிம்பம் 8-இலிருந்து சுமார் 15 விழுக்காடாகிறது. 15 பாகை ஆனால் ஏறத்தாழ 40. ஆக, பத்தடி தொலைவில் வருபவருக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. கண்ணாடியின் மீதே ஒட்டப்பட்ட வெள்ளை எழுத்துகள் மட்டும் தெரியும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டப்படும் அறிவிப்பு அவரை வேகம் குறைக்கச் செய்யவும், இரண்டு மூன்று எட்டுகளுக்குப்பின் பொம்மை அவரை நிறுத்தவும் வேண்டும். பொம்மைகள் நேரே சாலையைப் பார்க்காமல், வருவோரை நோக்கிச் சற்றுத் திரும்பி நிற்பது இதனால்தான். மெட்ரோ நிலைய வாயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்தே பெரும்பாலோர் வருவர்.

எழுத்துகளுக்குச் சிவப்பு நிறம் தள்ளுபடியின் மரபாகிவிட்டது. சிவப்பு வினைலைக் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினால் பகலில் அது கருத்துப்போய்ப் பிம்பத்தில் கரையும். வெள்ளைப் பட்டையின் மேல் சிவப்பு எழுத்து, அதுவும் வெளிப்பக்கத்தில் என்றால் குறையில்லை. வெயில் நேராக விழும் முகப்புகளில் இன்னோர் எச்சரிக்கை தேவை. பதப்படுத்தப்படாத சாதாரணக் கண்ணாடியில் பெரிய அடர்நிற வினைலை ஒட்டினால், ஒட்டிய பகுதி சூடாகி, சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்கும். இந்த வேறுபாட்டால் விளிம்பிலிருந்து விரிசல் ஓடக்கூடும். தில்லியின் குளிர்ந்த ஜனவரிக் காலையில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

மாலை ஐந்தரைக்குப் பிறகு

ஜனவரித் தொடக்கத்தில் தில்லியில் மாலை 5.40 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அதன்பின் வெளியில் பொலிவு 6,000 என்ற பேச்சே இல்லை. அதே 1,500 லக்ஸ் விளக்கொளியில் கறுப்புக் கோட்டும் தையல்வரை தெரியும். பகலில் விளக்கு அதிகமும் இரவில் குறைவும் வேண்டும் என்பது கேட்பதற்கு விந்தையாகத் தோன்றும். பல கடைகள் நேர்மாறாகச் செய்கின்றன. இரவில் பாதியாகக் குறைத்தாலும் காட்சிக்குக் கேடில்லை. விளக்குகள் கண்ணாடிக்கு அருகே மேல் விளிம்பின் பின்னால் மறைந்திருந்து, முன்னிருந்து பின்னோக்கிப் பொம்மையின் மீது பாய வேண்டும். பின்னாலிருந்து முன்னோக்கி வீசும் விளக்கு பார்ப்பவரின் கண்ணைக் கூசச்செய்யும். பொம்மையின் முன்பக்கம் இருளும்.

பகலில் பகையாக இருந்த பிம்பத்தை மாலையில் காட்சியின் ஒரு பகுதியாகவே மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியின் முன் 60 சென்டிமீட்டர் தொலைவில் நிற்பவரின் பிம்பம், கண்ணாடிக்குப் பின்னால் அதே 60 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். அந்தத் தூரத்தில் தலையில்லாத ஓர் உடல்வடிவத்தில் கோட்டை மாட்டி வைத்தால், பார்ப்பவர் சற்று நகர்ந்து நிற்கும்போது தம் முகம் அக்கோட்டின் கழுத்தின்மேல் அமர்வதைக் காண்பார். அணிந்து பார்க்கும் அறைக்குப் போகாமலே கோட்டு அவருடையதாகிவிடுகிறது. கண் இரண்டையும் ஒரே தூரத்தில் குவிப்பதால் இந்த மயக்கம் வலுவாக இருக்கிறது. கோட்டை 1 மீட்டர் உள்ளே தள்ளினால் முகமும் கோட்டும் பிரிந்துவிடும்.

இதில் பெரும்பாலும் தவறுவது உயரம். முகப்பு மாடத்தின் தரை வராந்தாவைவிட 15 அல்லது 30 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பது வழக்கம். அதன்மேல் தலையில்லாத முழுப் பொம்மையை நிறுத்தினால் அதன் கழுத்து, பார்ப்பவரின் நெற்றிக்கு மேல் போய்விடும். 158 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் முகவாய் தரையிலிருந்து ஏறக்குறைய 137 சென்டிமீட்டரில் இருக்கும். எனவே முழுப் பொம்மைக்குப் பதிலாக, தையற்காரர்கள் பயன்படுத்தும் கால் இல்லாத உடல்வடிவம் பொருத்தமானது. அதன் கம்பியை ஏற்றி இறக்க முடியும். வராந்தாத் தரையிலிருந்து கழுத்து 135 சென்டிமீட்டரில் ஒன்றும், 150 சென்டிமீட்டரில் ஒன்றும் வைத்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

முகம் தெரிய, அதன் பின்னால் இருள் வேண்டும். கழுத்துக்கு மேல் 40 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டிய ஒரு சிறு பலகை போதும். மற்றப் பின்புலம் வெளிர் நிறமாகவே இருக்கட்டும். கணக்கு இதுதான்: காட்சியின் விளக்கொளி வெளியே சிந்திப் பார்ப்பவரின் முகத்தில் 150 லக்ஸ் விழுகிறது. தோல் அதில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பினால் பொலிவு 50. கண்ணாடியில் அதன் பிம்பம் 4. வெல்வெட்டின் மீது 40 லக்ஸ் மட்டுமே விழுந்து, அது 4 விழுக்காட்டைத் திருப்பினால் 1.6. முகம் தெரிகிறது. விளக்கின் கோணம் சற்றுப் பிசகி வெல்வெட்டின் மீது 300 லக்ஸ் விழுந்தாலோ அதன் பொலிவு 12 ஆகிவிடும், முகம் மறைந்துபோகும். பல கடைகளில் இவ்வித்தை தோற்பதற்கு இந்த ஒரு விளக்கே காரணம். நண்பகலில் இது எவ்வாறும் பலிக்காது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் நிழலில் இருக்கிறது; கழுத்தின்மேல் கரிய நிழலுருவமே தெரியும். எனவே இது மாலைக் காட்சிக்குரியது. பகலுக்கு அமர்ந்த பொம்மையும் பெட்டிகளும் உள்ளன.

கண்ணாடியில் எழுதும் வாக்குறுதி

எத்தனை நுட்பமாக அமைத்தாலும், நின்றவரை உள்ளே அழைப்பது விலைதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குறிப்பிட்ட விலையில் விற்கும் நியாயமான வாய்ப்பு இல்லாத பொருளைக் காட்டி வாடிக்கையாளரை இழுக்கும் 'தூண்டில் விளம்பரம்' பற்றி அதில் தனியே விதிகள் உள்ளன. போதிய சரக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். நிபந்தனைகள், கோரிக்கை எந்த மொழியில் எந்த எழுத்துருவில் உள்ளதோ அதே மொழியிலும் எழுத்துருவிலும் இருக்க வேண்டும் என்பதும் நெறிகளில் ஒன்று.

'50 விழுக்காடு' என்பது ஒரு முழ உயரத்திலும், அதன் ஓரத்தில் 'வரை' என்பது விரல் நக அளவிலும் ஒட்டப்படும் வழக்கம் இந்த நெறிகளின் நோக்கத்துக்கு முரணானது. மேலும், 50 விழுக்காடு குறைக்கப்பட்டவை பத்துச் சால்வைகள் மட்டுமே என்றிருக்க, பொம்மை அணிந்த கோட்டுக்கு 20 விழுக்காடே குறைப்பு என்றால், வாசலில் தகராறு உறுதி. பொம்மையின் காலடியில் ஒரு சிறு அட்டையில், அது அணிந்திருக்கும் ஒவ்வோர் உருப்படியின் அசல் விலை, தள்ளுபடி விலை, கையிருப்பில் உள்ள அளவுகள் ஆகியவற்றை எழுதிவைத்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும். அட்டையை இரவு கடை மூடும்போது நாள்தோறும் சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். கடைசிக் கோட்டு விற்றுவிட்டால் மறுநாள் காலை 11 மணிக்குக் கதவு திறக்கும் முன் பொம்மைக்கு வேறு கோட்டு மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

காட்சி அமைக்கும் பணி, கடை மூடிய இரவில், கண்ணாடியின் உட்பக்கம் பழுப்புத் தாளால் மறைக்கப்பட்ட நிலையில் நடக்கும். முதலில் கண்ணாடியின் இருபுறமும் துடைக்கப்படும். இரவில் விளக்கொளி பட்டால் ஒவ்வொரு கைரேகையும் தெரியும். பின் விளக்குகள், பின்புலம், பெட்டிகள், பின்வரிசைப் பொம்மை, முன்வரிசைப் பொம்மை என்ற வரிசையில் வேலை பின்னிருந்து முன்னோக்கி நகரும். விளக்கின் கோணத்தைத் திருத்துபவர் உள்ளே இருக்க, ஒருவர் வராந்தாவில் நின்று சொல்ல வேண்டும். உள்ளிருந்து பார்த்துத் திருத்தப்பட்ட விளக்கு பெரும்பாலும் தவறான இடத்திலேயே விழும். மறுநாள் நண்பகல் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அதே இடத்தில் நின்று இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிட்டால், எந்தப் பொம்மையை எந்தப் பட்டைக்கு நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.